லேபிளில் ஹெக்டேர், தோளில் 16 லிட்டர் டேங்க்: மருந்து லேபிளை வாசித்துக் கலவைக் கணக்குப் போடுவது எப்படி

வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஆள் நீங்கள்தான் என்றால், என்றாவது ஒரு நாள் பூச்சிமருந்து போத்தல் உங்கள் கைக்கு வந்து சேரும். "இதைப் படிச்சுப் பார்த்து ஒரு டேங்குக்கு எவ்வளவு ஊத்தணும்னு சொல்லுப்பா" என்பார்கள். எனக்குச் சித்தப்பாவிடமிருந்து வந்தது. லேபிளை முன்னும் பின்னும் புரட்டினால் அந்தக் கேள்விக்கான பதில் எங்குமே இருக்காது. நிலத்தின் பரப்புக்கு இவ்வளவு மருந்து என்றுதான் அதில் இருக்கும். அதிலிருந்து டேங்க் அளவுக்கு வர நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை விட்டுவிட்டுப் போடும் கணக்கு எதுவும் சரியாக வராது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு காலை நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மருந்தடிக்கும் நாளன்று இதை ஆரம்பிக்க வேண்டாம், முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

1. முதலில் கையில் என்னென்ன இருக்க வேண்டும்

போத்தல் அல்லது பாக்கெட், அது வந்த அட்டைப்பெட்டி, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாள், வாங்கிய ரசீது. இந்த நாலும் வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்த மடித்த தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள். ஆனால் சிறிய போத்தல்களில் பயிர்வாரியான அளவு அட்டவணை பல நேரம் அந்தத் தாளில்தான் இருக்கிறது, போத்தலில் "இணைப்புத் தாளைப் பார்க்கவும்" என்று ஒரு வரியோடு முடித்திருப்பார்கள். எழுத்து எறும்பு சைஸில் இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பது சுலபம், அந்தப் படம் பின்னால் வேறொரு காரியத்துக்கும் உதவும்.

அளக்க மில்லி கோடு போட்ட ஓர் அளவுக் குவளை, பொடி மருந்து என்றால் கிராம் காட்டும் சின்னத் தராசு. இரண்டையும் இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையலறையிலிருந்து எடுத்தால் திரும்ப அங்கே போகவே கூடாது. போத்தல் மூடியால் அளப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு போத்தலின் மூடிக்கும் இன்னொரு போத்தலின் மூடிக்கும் அளவு வேறு, மூடியால் அளக்கும்போது விரலில் வழிவதும் கலக்காத முழு வீரிய மருந்துதான். பொடியை ஸ்பூனால் அளப்பதும் அப்படித்தான்: ஒரு ஸ்பூன் பொடி எத்தனை கிராம் என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

2. மொழிபெயர்க்க வேண்டியது எது, வேண்டாதது எது

லேபிள் முழுவதையும் வரிக்கு வரி தமிழாக்க வேண்டியதில்லை. விவசாயிக்குத் தேவையான ஏழெட்டு விஷயங்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினால் போதும்: மருந்தின் பெயரும் சதவீதமும், எந்தப் பயிர், எந்தப் பூச்சி, பரப்புக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணீர், அறுவடைக்கு எத்தனை நாள், அடித்த வயலுக்குள் எப்போது நுழையலாம், என்ன உடுத்த வேண்டும்.

பயிர்ப் பட்டியலை முதலில் பாருங்கள். அவர் வைத்திருக்கும் பயிர் அதில் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பக்கத்துப் பயிருக்குக் கொடுத்த அளவை இதற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இரண்டு இடங்களில் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்ப்பு ஆளைத் தவறாக நடத்திவிடும். ஒன்று, "வெயிட்டிங் பீரியட்" என்ற தலைப்பில் 3 நாள், 22 நாள் என்று இருப்பது. "காத்திருக்கும் காலம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அடுத்த மருந்தை அத்தனை நாள் கழித்து அடிக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி. ஆகவே "அடித்த பிறகு 3 நாள் பறிக்கக் கூடாது" என்றே எழுதுங்கள். வாரம் இருமுறை பறிக்கும் காய்களில் இது ரொம்ப முக்கியம்: பறிப்பை முடித்துவிட்டு அடிக்க வேண்டும், அடுத்த பறிப்பு அந்த நாள் கணக்கைத் தாண்டி வர வேண்டும்.

இன்னொன்று, "ரீ-என்ட்ரி" என்பது. அடித்த வயலுக்குள் பாதுகாப்பு உடை இல்லாமல் எப்போது நுழையலாம் என்பது. களை எடுக்கவும் காய் பறிக்கவும் வருபவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். லேபிளில் நேரம் எதுவும் போடவில்லை என்றாலும் அடித்த மருந்து முழுக்கக் காயும்வரை யாரையும் உள்ளே விடக் கூடாது.

மருத்துவருக்கான குறிப்பையும் மாற்றுமருந்துப் பகுதியையும் மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். அதைப் படிக்கப் போவது மருத்துவர். தெளிவாகப் படம் எடுத்து வீட்டில் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும்படி அனுப்பிவையுங்கள், அவ்வளவுதான். "யாருக்காவது மயக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல் வந்தால் லேபிளோடு உடனே ஆஸ்பத்திரி" என்ற ஒரு வரி தமிழில் இருந்தால் போதும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று லேபிளில் இருந்தால் அந்த வரியையும் கொட்டை எழுத்தில் சேருங்கள். நம் ஆட்கள் முதலில் செய்வதே உப்புத்தண்ணீர் கொடுப்பதுதான்.

நச்சு அளவைக் காட்டும் நிறத்தில் சிவப்பு உச்சம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மஞ்சள் என்றால் ஏதோ சுமாரான மருந்து என்று நினைக்க வேண்டாம், அது இரண்டாவது இடம். பச்சைக்கும் கையுறை உண்டு.

3. அளவு அட்டவணையில் எந்தக் கட்டத்தைப் படிப்பது

பெரிய குழப்பம் இங்கேதான். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். இந்த எண்கள் கணக்குக்காக மட்டும், உங்கள் போத்தலில் இருப்பதை வைத்துத்தான் நீங்கள் போட வேண்டும். 5 சதவீத எஸ்.ஜி. வகை மருந்து, அதாவது தண்ணீரில் கரையும் குருணை. பயிர் மிளகாய். அதற்கு நேராக, ஹெக்டேருக்கு என்ற தலைப்பின் கீழ் மூன்று எண்கள்: ஏ.ஐ. 10 கிராம், ஃபார்முலேஷன் 200 கிராம், தண்ணீர் 500 லிட்டர்.

ஏ.ஐ. என்பது பாக்கெட்டுக்குள் இருக்கும் அசல் நஞ்சின் எடை மட்டும். ஃபார்முலேஷன் என்பதுதான் நாம் பாக்கெட்டிலிருந்து அள்ளிப் போடும் பொருளின் எடை. நமக்கு வேண்டியது இரண்டாவது எண், 200 கிராம். அவசரத்தில் முதல் கட்டத்தைப் பிடித்தால் ஒரு ஹெக்டேருக்கே 10 கிராம் போட்டுவிட்டு, மருந்து போலி என்று சண்டைக்குப் போக வேண்டியதுதான்.

சரியான கட்டத்தைத்தான் பிடித்திருக்கிறோமா என்று சோதிக்க ஒரு சின்ன வகுத்தல் போதும். 100 கிராம் மருந்தில் 5 கிராம் நஞ்சு என்றால், 10 கிராம் நஞ்சுக்கு 200 கிராம் மருந்து. பொருந்துகிறது. திரவ மருந்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் தள்ளி வரலாம். அங்கே சதவீதம் பெரும்பாலும் எடைக்கு எடை, நாம் அளப்பதோ மில்லியில், ஒரு லிட்டர் மருந்து சரியாக ஒரு கிலோ இருக்காது. அதனால் 17.8 சதவீதம் என்று போட்ட திரவத்தில் லிட்டருக்கு 200 கிராம் நஞ்சு இருப்பதும் உண்டு. திரவத்தில் ஏறக்குறையப் பொருந்தினால் போதும், லேபிளில் அச்சடித்த மில்லியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா லேபிளும் ஹெக்டேரில் பேசாது. சிலவற்றில் ஏக்கருக்கு என்று இருக்கும், சிலவற்றில், குறிப்பாக மரப்பயிர்களுக்கு, 100 லிட்டர் தண்ணீருக்கு அல்லது லிட்டருக்கு இவ்வளவு என்று இருக்கும். லிட்டர் கணக்கில் இருந்தால் நேராக டேங்க் அளவால் பெருக்கிக்கொள்ளலாம், அடுத்த படியில் சொல்லும் அளவெடுப்பு மொத்தம் எத்தனை டேங்க் என்று தெரிந்துகொள்ள மட்டும் உதவும். பரப்புக் கணக்கில் இருந்தால் அதைத் தவிர்க்கவே முடியாது.

ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 ஏக்கர், 247 சென்ட். ஏக்கரையும் ஹெக்டேரையும் ஒன்று என்று எண்ணினால் மருந்து இரண்டரை மடங்காகிவிடும்.

4. வெறும் தண்ணீர் அடித்து அளவெடுங்கள்

லேபிள் 500 லிட்டர் தண்ணீர் என்கிறது. அவர் உண்மையில் எவ்வளவு தண்ணீர் அடிக்கிறார்? இது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, மருந்து விற்றவருக்கும் தெரியாது. நடை வேகம், நாசில் துளை, அழுத்தம், பயிரின் உயரம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அது. எனவே அளந்துதான் ஆக வேண்டும்.

முதலில் நாசிலைப் பாருங்கள். நாசிலை ஒரு குவளைக்குள் பிடித்து ஒரு நிமிடம் அடித்து எத்தனை மில்லி வருகிறது என்று அளந்து, அதே வகைப் புது நாசிலோடு ஒப்பிடுங்கள். புதியதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வந்தால் துளை தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். அடைத்திருந்தால் தண்ணீரில் அலசிப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். வாயால் ஊதக் கூடாது, கம்பியால் குத்தவும் கூடாது, குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

அப்புறம் வயலிலேயே 10 மீட்டருக்கு 10 மீட்டர் குச்சி நட்டு அளந்துகொள்ளுங்கள். அது 100 சதுர மீட்டர், ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு. டேங்கைச் சமதரையில் வைத்து ஒரு கோடு வரை வெறும் தண்ணீர் நிரப்பி, வழக்கமாக மருந்தடிப்பவர் வழக்கமான நடையில், வழக்கமான அழுத்தத்தில் அந்தக் கட்டம் முழுவதும் அடிக்க வேண்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் கூடுதல் பொறுமையாக அடிப்பார், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். முடிந்ததும் டேங்கை அதே இடத்தில் வைத்து, பழைய கோடு வரை அளவுக் குவளையால் திரும்ப நிரப்புங்கள். எத்தனை லிட்டர் ஊற்றினீர்களோ அதுதான் 100 சதுர மீட்டருக்கு அவர் அடித்தது. அதை 100-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான தண்ணீர். இரண்டு முறை செய்து பாருங்கள், இரண்டும் நெருங்கி வர வேண்டும். கையால் பம்ப் அடிக்கும் தெளிப்பானில் பத்து சதவீதம் அங்கே இங்கே போகும், பரவாயில்லை.

நம் உதாரணத்தில் 3.2 லிட்டர் போனது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 320 லிட்டர். லேபிள் கேட்பது 500. வேகமாக நடந்துவிட்டார் என்று அர்த்தம். மருந்தைக் கூட்டிப் போட்டு இந்தக் குறையைச் சரிக்கட்டலாம் என்று தோன்றும், அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் குறைந்தால் கலவையின் வீரியம் ஏறிவிடும், இலை கருகலாம், அடிப்பவர் மேல் படுவதும் கெட்டிக் கலவையாக இருக்கும், இலையின் அடிப்பக்கம் நனையாமலும் போகும். நடையை மெதுவாக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் செடியை நனைக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப அளந்தால் 4.8 லிட்டர். ஹெக்டேருக்கு 480. இது போதும், லேபிளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இந்த நடை அவர் காலில் படியும்வரை இன்னும் இரண்டு சாலில் வெறும் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள்.

5. இப்போது டேங்க் கணக்கு

நிலம் 50 சென்ட். அதாவது அரை ஏக்கர், 0.2 ஹெக்டேர்.

மொத்த மருந்து: 200 × 0.2 = 40 கிராம்.
மொத்தத் தண்ணீர்: 480 × 0.2 = 96 லிட்டர்.
டேங்க்: 96 ÷ 16 = 6.
டேங்குக்கு மருந்து: 40 ÷ 6 = 6.7 கிராம்.

ஒரே வரியில் வேண்டுமென்றால், ஹெக்டேர் மருந்து அளவை டேங்க் கொள்ளளவால் பெருக்கி, நீங்கள் அளந்த ஹெக்டேர் தண்ணீரால் வகுக்க வேண்டும்: 200 × 16 ÷ 480. அதே 6.7 வரும். டேங்கின் கொள்ளளவையும் ஒருமுறை குவளையால் நிரப்பிச் சரிபாருங்கள். 16 என்று ஒட்டியிருப்பதில் கழுத்து வரை ஊற்றினால் கூடுதலாகவும் பிடிக்கும்.

வெறும் தண்ணீர் அடித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். லேபிளின் 500 லிட்டரை அப்படியே நம்பினால் டேங்குக்கு 6.4 கிராம் வருகிறது, "டேங்குக்கு ஆறு கிராம் போடுங்க" என்று வாய்வழியாகச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் 320 லிட்டர் நடை நடப்பவர் 50 சென்ட்டை 4 டேங்கில் முடித்துவிடுவார், வயலுக்குப் போனது 25.6 கிராம். வேண்டியது 40. பூச்சி பாதி சாகும், மிச்சம் தாங்கிப் பழகும். இதே 6.4 கிராமை, செடி சொட்டச் சொட்ட ஹெக்டேருக்கு 800 லிட்டர் அடிப்பவர் போட்டால் 10 டேங்க் ஆகும், 64 கிராம் போய்விடும். அளவுக்கு மேல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம், அறுவடைக்கான 3 நாள் கணக்கும் அங்கே செல்லாது. இரண்டு பேரும் டேங்குக்கு ஒரே அளவுதான் போட்டார்கள்.

டேங்க் முழு எண்ணில் வராதபோது கடைசி டேங்கை நிரப்பிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. நிரப்பாதீர்கள். 5.5 டேங்க் என்றால் கடைசியில் 8 லிட்டர் தண்ணீர், மருந்தும் பாதி. மீதம் வந்தால் அதை எங்கே கொட்டுவது என்ற தொல்லை, அதைவிட, "வீணாக்குவானேன்" என்று அடித்த செடிக்கே திரும்ப அடிப்பார்கள்.

6. கலக்கும்போது

அடிக்கும்போதுதான் ஆபத்து என்று நினைத்து, கலக்கி முடித்த பிறகு கையுறை மாட்டுபவர்கள் அதிகம். அடிக்கும்போது இருப்பது 16 லிட்டரில் 6.7 கிராம். மூடியைத் திறக்கும்போது இருப்பது முழு மருந்து. எனவே கையுறை, கண்ணாடி, முழுக்கை, முழுக்கால் உடை, ஷூ எல்லாம் மூடியைத் திறப்பதற்கு முன்பே. கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும், துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு வெறுங்கையே மேல். துண்டை முகத்தில் கட்டுவதும் அப்படித்தான், நனைந்த துண்டு வழியாகத்தான் மூச்சு விடுகிறோம். லேபிளில் எந்த வகை முகக்கவசம் சொல்லியிருக்கிறதோ அது.

6.7 கிராமை ஆறு தடவை வயலில், காற்றில், தராசில் நிறுப்பது நடக்காத காரியம். அதற்கு ஒரு வழி: 40 கிராமை ஒரே தடவை நிறுத்து, ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மொத்தம் 3 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேருங்கள். ஒவ்வொரு டேங்குக்கும் அதில் அரை லிட்டர். ஒவ்வொரு முறையும் குச்சியால் நன்றாகக் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் டேங்க் நீர்த்தும் கடைசி டேங்க் கெட்டியாகவும் போகும். இந்த வாளி மூடியோடு இருக்க வேண்டும், அன்றே தீர்ந்துவிட வேண்டும். குடிதண்ணீர் பாட்டில் எதிலும் ஊற்றி எடுத்துப்போகக் கூடாது, இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

டேங்கில் பாதித் தண்ணீர் முதலில், அப்புறம் மருந்துக் கரைசல், குவளையை அலசிய தண்ணீரும் டேங்குக்குள்ளேயே, பிறகு மீதித் தண்ணீர். வாயிலுள்ள வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஊற்றாதீர்கள். களைக்கொல்லி அடித்த டேங்கைப் பூச்சிமருந்துக்கு எடுக்கவே வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் ரப்பர் குழாயில் தங்கியிருப்பது பயிரைக் கெடுத்துவிடும். இரண்டு மருந்தைச் சேர்த்து அடிப்பது லேபிளில் அனுமதித்திருந்தால் மட்டும்.

7. அடிக்கும்போதே கணக்கைச் சரிபாருங்கள்

50 சென்ட்டை ஆறு சம பங்காகப் பிரித்துக் குச்சி நட்டுவிடுங்கள், ஒரு பங்கு எட்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். முதல் டேங்க் முதல் குச்சிக்குப் பக்கத்தில் தீர வேண்டும். முன்னாலேயே தீர்ந்தால் நடை மெதுவாகிவிட்டது, குச்சியைத் தாண்டியும் மிச்சம் இருந்தால் வேகமாகிவிட்டது. இரண்டாவது டேங்கிலேயே திருத்திக்கொள்ளலாம். கடைசியில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

காலை அல்லது சாயங்காலம், இலை லேசாக அசையும் அளவு காற்றில், காற்று முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்படி. மழை வரும்போல இருந்தால் தள்ளிப்போடுங்கள். பூத்த பயிரில் தேனீ வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அடிக்கக் கூடாது என்று பல லேபிள்களில் இருக்கும், தமிழ்த் தாளில் அதையும் எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. முடிந்த பிறகு

திரவ மருந்து போத்தல் காலியானால் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, குலுக்கி, டேங்கில் ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. இதைக் கடைசி டேங்க் கலக்கும்போதே செய்ய வேண்டும், அப்போதுதான் அலசிய தண்ணீர் வயலுக்கே போகும். பிறகு போத்தலைக் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்காமல் இருக்க. லேபிளைப் படம் எடுத்தாகிவிட்டதா என்று அதற்கு முன் பாருங்கள். மிச்ச மருந்தை அதன் சொந்தப் போத்தலிலேயே, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். டேங்கை கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது, கழுவிய தண்ணீரை அடித்த வயலிலேயே பரவலாகத் தெளித்துவிடலாம். உடுத்தியதை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.

தாளில் அடித்த தேதியையும், பறிக்கலாம் என்ற தேதியையும் எழுதித் தெளிப்பான் மாட்டியிருக்கும் ஆணியிலேயே குத்தி வையுங்கள். "480 லிட்டர், இந்த நாசில், இந்த ஆள்" என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அந்த மூன்றில் ஒன்று மாறினாலும், அல்லது முழங்கால் உயரச் செடி இடுப்பு உயரம் வந்துவிட்டாலும், நாலாவது படியைத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டாவது தடவை அரை மணி நேரம்கூட ஆகாது.